ஷாஃப்ட் டிராயிங்கில் பேரிங் சீட், சர்க்லிப் குரூவ், கீவே: அளவை எந்த முகத்திலிருந்து கொடுப்பது?

கேள்வி: சின்ன டிரைவ் ஷாஃப்ட் ஒன்று வரைகிறேன். 3 கிலோவாட், 1440 சுற்று. இரண்டு இடத்திலும் 6206 பேரிங், வெளியே நீண்டிருக்கும் 25 மி.மீ. முனையில் கீயோடு வி-பெல்ட் புல்லி. புல்லிப் பக்கத்துப் பேரிங்கை ஷோல்டருக்கும் சர்க்லிப்புக்கும் நடுவில் நிறுத்தப் போகிறேன். பேரிங் சீட், குரூவ், கீவே மூன்றுக்கும் என்ன அளவு, என்ன ஃபிட்? எல்லாவற்றுக்கும் h6 போட்டுவிட்டால் போதாதா, சர்க்லிப்தான் பிடித்துக்கொள்கிறதே?

போதாது. சர்க்லிப் பேரிங்கை நீளவாக்கில் நகரவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். உள் வளையம் ஷாஃப்ட் மேல் சுற்றாமல் இருக்க வேண்டிய பொறுப்பு முழுக்க ஃபிட்டுடையது. உங்கள் ஏற்பாட்டில் பெல்ட் இழுப்பு எப்போதும் ஒரே திசையில் இருக்கிறது, ஷாஃப்ட் சுற்றுகிறது. அதனால் உள் வளையத்தின் ஒவ்வொரு புள்ளியும் முறை வைத்துக்கொண்டு சுமைக்குக் கீழே வந்து போகிறது. அப்படிப்பட்ட வளையம் இறுக்கமாக உட்கார்ந்தே ஆக வேண்டும்.

h6 போட்டால் என்ன ஆகும் என்று கணக்கிலேயே பார்த்துவிடலாம். 30 மி.மீ.க்கு h6 என்றால் ஷாஃப்ட் 0 முதல் −13 மைக்ரான். சாதாரண வகுப்பு 6206-இன் துளை 0 முதல் −10 மைக்ரான். ஆக மோசமான ஜோடியில் 13 மைக்ரான் லூஸ். வளையத்தின் உள் சுற்றளவு ஷாஃப்டின் சுற்றளவைவிட π × 0.013, அதாவது 0.041 மி.மீ. அதிகம். ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும்போது வளையம் அவ்வளவு பின்தங்கும். 1440 சுற்றில் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 59 மி.மீ., அதாவது ஷாஃப்ட் மேலேயே நிமிடத்துக்கு அரைச் சுற்றுக்கு மேல் ஊர்ந்துகொண்டிருக்கும். வழுக்காமல் உருளும் என்று வைத்துப் போட்ட கணக்குதான் இது, ஆனால் நடப்பது இதே ரகம். பேரிங்கைக் கழற்றும்போது சீட்டில் செம்பழுப்புப் பொடியும் பளபளவென்று தேய்ந்த பட்டையும் தெரிந்தால் காரணம் இந்த ஊர்தல்தான். இதில் சர்க்லிப் ஒன்றும் செய்யாது. வளையம் அதோடு உரசி அதையும் தேய்க்கும்.

சரி, எவ்வளவு இறுக்கம் வேண்டும்? 3 கிலோவாட், 1440 சுற்று என்றால் முறுக்கு விசை 9550 × 3 / 1440, சுமார் 20 நியூட்டன் மீட்டர். புல்லி 100 மி.மீ. என்று எடுத்துக்கொள்கிறேன், பயனுள்ள இழுப்பு 400 நியூட்டன், பெல்ட்டின் முன்னிறுக்கத்தையும் சேர்த்தால் ஷாஃப்ட் மேல் 1000 நியூட்டன் என்று வைப்பது நியாயம். புல்லி பேரிங்குக்கு வெளியே தொங்குவதால் பக்கத்துப் பேரிங் அதற்கும் கொஞ்சம் கூடத் தாங்கும், 1200 என்று சொல்லலாம். 6206-இன் டைனமிக் கொள்திறன் சுமார் 20 கிலோநியூட்டன். சுமை அதில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் லேசான சுமை, j6 போதும். தாண்டினால் k5 அல்லது k6. நாம் எல்லைக்கு மேலேதான் இருக்கிறோம், k6 போடுங்கள். 30 மி.மீ.க்கு k6 என்பது +15/+2. பேரிங் துளையோடு சேர்த்துப் பார்த்தால் குறைந்தது 2, அதிகபட்சம் 25 மைக்ரான் இறுக்கம். லூஸ் ஆக வழியே இல்லை.

‘இறுக்கம் நல்லதுதானே, p6 போட்டால் இன்னும் பாதுகாப்பு’ என்று சிலர் போகிறார்கள், அது எதிர்த்திசைத் தவறு. இறுக்கத்தில் உள் வளையம் விரியும், அந்த விரிவு பேரிங்கின் உள் இடைவெளியைத் தின்னும்; பேரிங் அட்டவணைகள் இறுக்கத்தில் 80 சதவீதம் வரை இடைவெளியில் குறையலாம் என்றே கணக்கு வைக்கின்றன. 30 துளை உள்ள சாதாரண பேரிங்கின் ஆர இடைவெளி 5 முதல் 20 மைக்ரான்தான். p6-இல் இறுக்கம் 45 வரை போகும். இடைவெளி முழுக்கப் போய் உருண்டைகள் நெருக்கப்பட்டு, கொஞ்ச நேரம் ஓடியதுமே பேரிங் சூடாகும். m6 வரை போக வேண்டிய சுமை இருந்தால் C3 இடைவெளியும் சேர்த்து யோசியுங்கள். உங்களுக்குத் தேவையில்லை.

சீட்டின் மற்ற விவரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேற்பரப்பு Ra 0.8, கிரைண்டிங். உருளைத்தன்மை 0.005, ஷோல்டர் முகத்தின் அச்சுவழி ரன்அவுட் 0.01. ஷோல்டர் விட்டம் 36 வையுங்கள். 6206-க்குக் குறைந்தபட்சம் 35.6 கேட்பார்கள், உள் வளையத்தின் வெளி விட்டம் சுமார் 40, அதனால் 36 வைத்தால் பேரிங்கைக் கழற்றும்போது புல்லர் நகம் மாட்ட இரண்டு மி.மீ. மிஞ்சும். 40-க்கு ஷோல்டர் போட்டுவிட்டால் கழற்றுகிறவர் உங்களைத் திட்டுவார். மூலை ஆரத்தில் கவனம் வேண்டும்: 6206-இன் மூலை குறைந்தபட்சம் 1.0, ஷாஃப்டின் ஃபில்லெட் அதைத் தாண்டக் கூடாது. ஃபில்லெட் பெரிதாக இருந்தால் பேரிங் ஷோல்டர் முகத்தைத் தொடாமல் ஃபில்லெட் மேலேயே ஏறி உட்காரும், கொஞ்சம் சாய்ந்தும் உட்காரும். கிரைண்டிங் செய்யும் சீட் என்பதால் ஃபில்லெட்டுக்குப் பதில் அண்டர்கட் கொடுப்பதே சுலபம். டிஐஎன் 509-இன் F0.6 × 0.3 இங்கே பொருந்தும். கிரைண்டிங் வீலின் மூலை தேய்ந்துபோய் ஷோல்டர் அடியில் பொருளை விட்டுவிட்டு வரும் தொல்லையும் இல்லை.

இனி சர்க்லிப் குரூவ். நான் பார்க்கும் டிராயிங்குகளில் அதிகம் சொதப்புவது இங்கேதான். 30 மி.மீ. ஷாஃப்டுக்கு டிஐஎன் 471 சர்க்லிப் 1.5 தடிமன். குரூவ் விட்டம் 28.6, டாலரன்ஸ் 0/−0.21. குரூவ் அகலம் 1.6 H13, அதாவது +0.14/0. இதெல்லாம் அட்டவணையைப் பார்த்து எல்லோரும் சரியாகவே எழுதுகிறார்கள். தவறுவது, குரூவ் எங்கே இருக்க வேண்டும் என்பதை எந்த முகத்திலிருந்து சொல்வது என்பதில்.

சர்க்லிப் சுமை தாங்கும்போது பேரிங்கால் வெளியே தள்ளப்பட்டு, குரூவின் வெளிச் சுவரில் போய்ச் சாய்கிறது. உள் சுவருக்கு எந்த வேலையும் இல்லை. அதனால் ஷோல்டர் முகத்திலிருந்து குரூவின் வெளிச் சுவர் வரை நேராக ஒரே அளவு கொடுக்க வேண்டும். பேரிங் அகலம் 16, சர்க்லிப் 1.5, கூட்டினால் 17.5. அதை `17.5 +0.1/0` என்று எழுதுங்கள். குரூவ் அகலம் 1.6 அந்தச் சுவரிலிருந்து உள்நோக்கித் தனியாக வரட்டும்.

பேரிங்கின் அகல டாலரன்ஸ் 0/−0.12, சர்க்லிப் தடிமனுடையது 0/−0.06. இப்போது ஆட்டம் எவ்வளவு என்று பாருங்கள்:

```
குறைந்தபட்சம்: 17.50 - (16.00 + 1.50) = 0
அதிகபட்சம்:   17.60 - (15.88 + 1.44) = 0.28
```

எப்போதும் உள்ளே போகும், அதிகமானால் 0.28 ஆட்டம். இப்போது வழக்கமாக எழுதும் முறையைப் பாருங்கள்: ஷோல்டரிலிருந்து உள் சுவருக்கு 16, டாலரன்ஸ் எழுதாமல், பிறகு குரூவ் 1.6. எழுதாத டாலரன்ஸ் ஐஎஸ்ஓ 2768-m-க்குப் போனால் 16-க்கு ±0.2.

```
வெளிச் சுவர்:  15.8 + 1.60 = 17.40   முதல்   16.2 + 1.74 = 17.94
மோசமான லூஸ்:  17.94 - 17.32 = 0.62
மோசமான டைட்:  17.40 - 17.50 = -0.10
```

ஒரு பக்கம் 0.62 ஆட்டம், மறுபக்கம் சர்க்லிப் குரூவுக்குள் இறங்கவே இறங்காது. அசெம்பிளியில் ஒருவர் சர்க்லிப்பைத் தேய்த்து மெலிதாக்கிப் போட்டுவிடுவார், அந்த ஷாஃப்ட் வெளியே போய்விடும். இயந்திரம், கருவி, ஆள் எதுவும் மாறவில்லை. அளவை வேலை செய்யும் சுவரிலிருந்து கொடுத்தோமா இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசம்.

0.28 அதிகமா என்று கேட்பீர்கள். வி-பெல்ட்டில் அச்சுவழிச் சுமை சொற்பம், k6 இறுக்கமே பேரிங்கை ஷோல்டரோடு பிடித்து வைத்திருக்கும், சர்க்லிப் காவலுக்கு நிற்கிறது. அதனால் இங்கே பரவாயில்லை. ஹெலிகல் கியர் போல அச்சுவழித் தள்ளல் திசை மாறிக்கொண்டிருந்தால் விடக் கூடாது, அப்போது 17.5-ஐ ஒரு மி.மீ. தள்ளி வைத்து, பேரிங்குக்கும் சர்க்லிப்புக்கும் நடுவில் ஷிம் வாஷரை அளந்து தேர்ந்து போட வேண்டும்.

அடுத்து, குரூவுக்கு வெளியே எவ்வளவு பொருள் மிஞ்ச வேண்டும். 30 சர்க்லிப்புக்கு வெளிச் சுவரிலிருந்து விளிம்பு வரை குறைந்தது 2.1 மி.மீ. கேட்கிறது அட்டவணை, அதற்குக் குறைந்தால் சுமையில் அந்த மெல்லிய வளையம் வெட்டுப்பட்டுப் பிய்ந்துகொள்ளும். உங்கள் 30 பகுதி ஷோல்டரிலிருந்து 21 மி.மீ. நீளம் இருக்கட்டும், முனையில் 1 × 45° சேம்ஃபர். 21-க்கு ±0.2 போனாலும், 20.8-இலிருந்து 17.6-ஐயும் சேம்ஃபர் 1-ஐயும் கழித்தால் 2.2 மிஞ்சுகிறது. சேம்ஃபரைக் கழிக்க மறந்துவிட்டு ‘3 மி.மீ. இருக்கிறதே’ என்று நினைப்பவர்கள் உண்டு.

இதோடு சேர்ந்த இன்னொரு ஆபத்து, டிராயிங்கின் மூலையில் நாம் யோசிக்காமலே ஒட்டும் குறிப்பு: ‘எல்லாக் கூர் விளிம்புகளையும் 0.5 × 45° உடைக்கவும்’. குரூவின் ஆழம் எவ்வளவு? 30-க்கும் 28.6-க்கும் வித்தியாசம் 1.4, ஒரு பக்கத்துக்கு 0.7. சொன்னபடியே லேத்தில் 0.5 உடைத்தால் சர்க்லிப் சாய நேரான சுவர் 0.2 மட்டும். சுமை வந்தால் சர்க்லிப் சரிவில் ஏறி, கூம்பாக வளைந்து, வெளியே தெறிக்கும். அதனால் குரூவின் வெளி விளிம்புக்கு அம்பு போட்டு ‘கூர் விளிம்பு, பர் மட்டும் நீக்கவும், அதிகபட்சம் 0.1’ என்று தனியாக எழுதுங்கள். குரூவ் அடி மூலையில் ஆரம் சர்க்லிப் தடிமனில் பத்தில் ஒன்று வரை, இங்கே 0.15 வரை, இருக்கலாம். அதை முற்றிலும் கூராக விடச் சொல்ல வேண்டாம், அங்கேதான் விரிசல் தொடங்கும்.

விரிசல் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் குரூவ் பேரிங்குக்கும் புல்லிக்கும் நடுவில் வருகிறது. தொங்கும் புல்லியில் வளைவுத் திருப்பம் பேரிங் பக்கம் போகப் போக ஏறிக்கொண்டே போகும் இடம் அது. ஹப் நீளம் 40 என்றால் புல்லி மையத்திலிருந்து குரூவ் சுமார் 24 மி.மீ. தூரம், திருப்பம் 24 நியூட்டன் மீட்டர், 28.6 விட்டத்தில் தகைவு மி.மீ.² ஒன்றுக்குச் சுமார் 10 நியூட்டன். குரூவின் வெட்டு விளைவுக்கு மூன்று மடங்கு வைத்தாலும் 30-தான், நடுத்தரக் கார்பன் ஸ்டீல் கண்டுகொள்ளாது. ஆனால் புல்லியை இன்னும் வெளியே தள்ளினாலோ பெல்ட் எண்ணிக்கையைக் கூட்டினாலோ இந்தக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். சர்க்லிப் குரூவில் ஒடிந்த ஷாஃப்டுகள் அபூர்வம் இல்லை, முறிந்த முகம் குரூவோடு நேர்கோட்டில் வெட்டி வைத்தது போல இருக்கும்.

இனி புல்லி உட்காரும் 25 பகுதி. ஹப் துளை H7 (+21/0), ஷாஃப்ட் k6 (+15/+2). லூஸ் அதிகபட்சம் 19 மைக்ரான், இறுக்கம் அதிகபட்சம் 15. கை ரப்பர் சுத்தியலால் தட்டி ஏற்றலாம். h6 கொடுத்தால் 34 மைக்ரான் வரை லூஸ் வரும், ஒவ்வொரு சுற்றிலும் புல்லி ஆடி ஆடிக் கீயைக் குத்திக்கொண்டே இருக்கும். புல்லி முகம் 30 மி.மீ. படியில் போய் முட்டட்டும். 25 பகுதியின் நீளத்தை ஹப்பைவிடக் குறைத்து 38 வையுங்கள், அப்போதுதான் முனை வாஷரும் போல்ட்டும் ஷாஃப்டை அழுத்தாமல் புல்லியை அழுத்தும். 30-லிருந்து 25-க்கு இறங்கியிருப்பதில் இன்னொரு நன்மை, பேரிங்கும் சர்க்லிப்பும் புல்லிப் பகுதியையும் கீவேயின் விளிம்பையும் உரசாமல் தாண்டிப் போகும். முழுக்க 30 வைத்திருந்தால் பேரிங்கை கீவேக்கு மேலாகவே அடித்து ஏற்ற வேண்டியிருக்கும்.

22-க்கு மேல் 30 வரையிலான ஷாஃப்டுக்கு கீ 8 × 7. நீளம் 32, இரு முனையும் வட்டமாக இருக்கும் வகை எடுத்தால் வேலை செய்யும் நீளம் 24. 20 நியூட்டன் மீட்டருக்கு 12.5 ஆரத்தில் விசை 1600 நியூட்டன். ஹப்பில் கீ நுழையும் உயரம் 3, பரப்பு 72 மி.மீ.², அழுத்தம் 22. வார்ப்பிரும்புப் புல்லிக்கும் தாராளம்.

அகலத்துக்கு ஷாஃப்டில் N9 (0/−0.036), ஹப்பில் JS9 (±0.018). கீயின் அகலம் h9, அதுவும் 0/−0.036. ஷாஃப்டில் கீ கொஞ்சம் பிடித்தமாக உட்காரும், ஹப் அதன் மேல் வழுக்கி வரும். ஒரே திசையில் ஓடும் டிரைவுக்கு இது போதும். அடிக்கடி முன்னும் பின்னும் திரும்பினால், அல்லது அதிர்ச்சிச் சுமை இருந்தால், இரண்டிலும் P9 (−0.015/−0.051). ஆனால் P9-இல் கீயைச் சுத்தியலால் இறக்க வேண்டிவரும், கழற்றுவதும் கஷ்டம், சும்மா பாதுகாப்புக்காகப் போடாதீர்கள்.

ஆழத்தில் மறுபடியும் முகப் பிரச்சினை. t1 = 4.0 +0.2/0 என்று அட்டவணை சொல்லும், அதை அப்படியே டிராயிங்கில் எழுதினால் அளப்பவர் மாட்டிக்கொள்வார், ஏனென்றால் கீவே வெட்டிய பிறகு மேல் விளிம்பில் ஷாஃப்டின் வட்ட உச்சி இல்லை, அது காற்றில் இருக்கிறது. எதிர்ப்பக்க மேற்பரப்பிலிருந்து கீவே அடி வரை கொடுங்கள்: 25 − 4 = 21, டாலரன்ஸ் 0/−0.2. இதை மைக்ரோமீட்டரிலோ கீவேக்குள் ஒரு ஸ்லிப் கேஜ் வைத்தோ நேராக அளக்கலாம். ஹப்பில் 25 + 3.3 = 28.3, +0.2/0. கூட்டினால் உயரத்தில் 7.3 இடம், கீ 7. மேலே குறைந்தது 0.3 காலி இருக்க வேண்டும். கீ பக்கச் சுவர்களால்தான் முறுக்கைக் கடத்துகிறது. கீ மேலே முட்டினால் புல்லி ஒரு பக்கம் தூக்கப்பட்டு மையம் விலகி ஓடும், கீ போடாமல் சுற்றிப் பார்த்தால் சரியாக இருக்கும், போட்டால் ஆடும். அடையாளம் அதுதான்.

கிரைண்டிங்குக்கு முன்பே கீவே மில்லிங் நடந்தால் ஒரு கணக்கு உண்டு. விட்டத்தில் 0.3 விட்டு 25.3 திருப்பியிருந்தால் எதிர்ப்பக்கமும் 0.15 குறையப் போகிறது. ஆகவே மில்லிங் நேரத்தில் அளக்க வேண்டியது 21.15. டிராயிங்கில் முடிந்த அளவு 21-ஐயே எழுதுங்கள், 21.15 வேலைத் தாளுக்குப் போகட்டும். இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் குழப்பியதைப் பார்த்திருக்கிறேன்.

கீவே 30 படியிலிருந்து 3 மி.மீ. தள்ளித் தொடங்கட்டும். 3 + 32 = 35, மறுமுனையிலும் 3 மிஞ்சும். கீவே முனை படியின் மூலையோடு சேர்ந்துவிட்டால் இரண்டு பலவீனங்கள் ஒரே இடத்தில் கூடிவிடும். அடி மூலைக்கு ஆரம் 0.16 முதல் 0.25 என்று குறியுங்கள், கீயின் விளிம்பில் இருக்கும் சேம்ஃபர் அதற்கு இடம் கொடுக்கும். 25-இன் அச்சுக்குக் கீவேயின் சமச்சீர் 0.03 போடுங்கள்; அகலமும் ஆழமும் சரியாக இருந்தும் புல்லி ஏற மறுத்தால் முதலில் பார்க்க வேண்டியது இது.

டேட்டமாக இரண்டு பேரிங் சீட்களையும் சேர்த்து A-B என்று எடுத்து, 25 பகுதிக்கு A-B-யைப் பொறுத்து 0.02 ரன்அவுட் கொடுங்கள். மையத் துளைகளை டேட்டமாக எடுக்க வேண்டாம், ஓடும்போது ஷாஃப்ட் சுற்றுவது பேரிங்கில்தான். அப்புறம், மறுபக்கத்துப் பேரிங்கும் 30 k6 தான், ஆனால் அதன் வெளி வளையத்தை ஹவுசிங்கில் H7-இல் நீளவாக்கில் சுதந்திரமாக விடுங்கள். இரண்டு பக்கமும் பூட்டிவிட்டால் ஷாஃப்ட் சூட்டில் நீளும்போது இரண்டு பேரிங்கும் ஒன்றையொன்று நெருக்கும்.

டிராயிங்கை அனுப்பும் முன் ஹவுசிங் மூடியின் துளையையும் ஒரு தடவை பாருங்கள். சர்க்லிப்பின் இரண்டு கண்களும் ஷாஃப்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 32 துளை போட்ட மூடி அதில் உரசும்.